படம் ‘பட்டம்’ ஆனது ஏன்? பழைய லேப்டாப்பில் எழுத்து இரட்டிக்கும் கோளாறு

எங்கள் ஊர் நூலகத்தில் பழைய புகைப்படங்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தோம். அதற்கான அறிவிப்பை நான்தான் தட்டச்சு செய்து அனுப்பினேன். மறுநாள் காலை பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் போன் செய்தார். “அண்ணா, என் பொண்ணோட டிகிரி சர்டிபிகேட்டையும் அனுப்பணுமா?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அறிவிப்பை எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. “உங்கள் வீட்டிலுள்ள பழைய படங்களை அனுப்புங்கள்” என்று இருக்க வேண்டிய இடத்தில் “பட்டங்களை அனுப்புங்கள்” என்று இருந்தது.

நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறேன். அதில் `o` கீதான் ட. ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். நான் ஒரு முறைதான் அடித்தேன். கீபோர்டு இரண்டு முறை அனுப்பியிருக்கிறது. அதனால் ட, ட்ட ஆனது. ஆங்கிலத்தில் எழுத்து இரட்டித்தால் சொல் பார்த்தவுடனே கோணலாகத் தெரியும். தமிழில் படி பட்டி ஆகும், குடி குட்டி ஆகும், பாடு பாட்டு ஆகும். எல்லாமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் கண்டுகொள்ளாது. ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கு `a` கீ இப்படி ஆனால் பல் பால் ஆகிவிடும். ஆகவே ‘எப்போதாவது ஒரு முறைதானே’ என்று விட்டுவைக்கக் கூடாத கோளாறு இது.

இது ஏன் வருகிறது என்று புரிய, கீக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான லேப்டாப்களில் கீயின் தொப்பிக்குக் கீழே கத்தரிக்கோல் போலக் குறுக்கே மடங்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். அவற்றின் நடுவே கவிழ்த்த கிண்ணம் போல ஒரு ரப்பர் குமிழ். அதற்கும் கீழே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். நடுத்தாளில் ஒவ்வொரு கீக்கும் நேராக ஒரு துளை இருக்கும். கீயை அழுத்தினால் குமிழ் அமுங்கி மேல் தாளைத் துளை வழியே கீழ்த் தாளோடு தொட வைக்கிறது. கையை எடுத்தால் குமிழ் நிமிர்ந்து தொப்பியைத் தூக்கிவிடுகிறது, தாள்கள் பிரிகின்றன.

இந்தத் தொடுகையை ஒரு சிறிய சிப் நொடிக்குப் பல நூறு முறை சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு தொடுமுனைகள் சேரும்போது ஒரே அடியாக ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் போட்ட பந்து சில முறை துள்ளி அடங்குவதுபோல, தொட்டு விலகித் தொட்டு விலகித்தான் அடங்கும். புதுக் கீபோர்டில்கூட இந்தத் துள்ளல் உண்டு. அதனால் சிப் முதல் தொடுகையைப் பார்த்ததும், துள்ளல் அடங்குவதற்காகச் சில மில்லிநொடி பொறுத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். தனிக் கீபோர்டுகளைச் செய்பவர்கள் பயன்படுத்தும் QMK என்ற திறந்தமூல மென்பொருளில் இந்தப் பொறுமை இயல்பாக 5 மில்லிநொடி. லேப்டாப்பில் இது தயாரிப்பாளர் உள்ளே வைத்ததுதான்; நாம் மாற்ற முடியாது.

வருடங்கள் போகப் போகத் தொடும் இடம் தேய்கிறது, கறுக்கிறது, ஈரம் பட்டால் அரிக்கிறது. ரப்பர் குமிழ் தளர்ந்து முன்போல ஒரே வீச்சில் அமுங்காமல் போகிறது. அப்போது தொடுகை அரைகுறையாகிறது. துள்ளல் 5 மில்லிநொடியில் அடங்காமல் 20, 30 என நீள்கிறது. சிப் தன் பொறுமை முடிந்ததும் மீண்டும் பார்க்கிறது. தொடுகை விட்டுப்போய் மறுபடி சேர்ந்திருக்கிறது. ‘சரி, விட்டுவிட்டு மறுபடி அழுத்தியிருக்கிறார்’ என்று இரண்டாவது எழுத்தையும் அனுப்பிவிடுகிறது. சிப்பின் பார்வையில் அது செய்தது சரிதான்.

இதைப் போலவே தோன்றி, உண்மையில் முற்றிலும் வேறான இன்னொரு கோளாறு உண்டு. தொப்பிக்கு அடியில் முறுக்குத் துணுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ காய்ந்த டீயோ சேர்ந்துவிட்டால், அழுத்திய கீ மேலே வராமல் பாதியில் நின்றுவிடும். இங்கே தொடுகை விட்டுவிட்டுச் சேரவில்லை, விடவே இல்லை. நாம் விரலால் அழுத்திப் பிடித்திருப்பதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து ‘டடடடட’ என்று ஓடவிடும். முதல் வகையைத் துள்ளல் என்றும் இதைச் சிக்கல் என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. சர்வீஸ் கடையில் பலர் பணத்தை விடுவது, எந்த நோய் என்று பார்க்காமலே மருந்துக்குப் போவதால்தான்.

எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம், பிரவுசர் போதும். ஒரு புது டேப் திறந்து முகவரியில் `about:blank` என்று அடியுங்கள். `F12` அழுத்தினால் ஒரு பலகை திறக்கும். அதில் `Console` என்பதைத் தேர்ந்து இந்த இரண்டு வரிகளை ஒட்டி என்டர் தட்டுங்கள். குரோம் முதல் முறை ஒட்ட விடாது. `allow pasting` என்று கையால் அடித்தால் விடும்.

```
let t=0;
onkeydown=e=>{console.log(e.code,e.repeat,Math.round(e.timeStamp-t));t=e.timeStamp}
```

பிறகு தமிழ் உள்ளீட்டை அணைத்துவிட்டு, வெற்றுப் பக்கத்தில் ஒரு முறை கிளிக் செய்து, வழக்கமாக அடிப்பதுபோலவே அடியுங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு வரி வரும். முதலில் கீயின் பெயர். அடுத்து, அது அழுத்திப் பிடித்ததால் தானாக ஓடிய எழுத்தா என்பது. ஆமாம் என்றால் `true`, இல்லையென்றால் `false`. கடைசியில், முந்தைய எழுத்துக்கும் இதற்கும் இடையே எத்தனை மில்லிநொடி என்பது. ‘படம்’ என்று அடிக்க `j`, `o`, `k`, `f` என்று தட்டியபோது, நாலைந்து தடவைக்கு ஒரு தடவை என் லேப்டாப்பில் இப்படி வந்தது:

```
KeyJ false 412
KeyO false 163
KeyO false 28
KeyK false 190
KeyF false 171
```

மூன்றாவது வரியைப் பாருங்கள். இரண்டாவது `KeyO`, முதலாவது வந்து 28 மில்லிநொடியில் வந்திருக்கிறது. நானே வேண்டுமென்று அதே கீயை எவ்வளவு வேகமாக இரண்டு முறை தட்டினாலும் 130க்குக் கீழே இறங்கவில்லை. நீங்களும் நன்றாக இருக்கும் ஒரு கீயில் இதை முயன்று உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். 28 என்பது விரலால் ஆகிற காரியமே இல்லை, இது துள்ளல். கீ சிக்கியிருந்தால் வேறு மாதிரி வரும்:

```
KeyO false 204
KeyO true 502
KeyO true 33
KeyO true 33
```

இங்கே முதல் எழுத்துக்குப் பிறகு சுமார் அரை நொடி அமைதி. அதன்பின் 33 மில்லிநொடிக்கு ஒன்றாக ஓட்டம். அந்த அரை நொடியும், நொடிக்குச் சுமார் 30 எழுத்து என்ற வேகமும் விண்டோஸின் வழக்கமான அமைப்பு. இடைவெளியை மட்டும் பார்த்தால் 28ம் 33ம் ஒன்றுபோலத் தோன்றி ஏமாந்துவிடுவோம். `true` என்ற சொல்தான் இரண்டையும் பிரிக்கிறது. `false`, சின்ன எண் என்றால் துள்ளல். `true` என்றால் கீ மேலே வரவில்லை. இரண்டும் கலந்து வருகிற கீயும் உண்டு. அப்போது முதலில் சிக்கலைத் தீர்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

சில நேரம் இந்தச் சோதனையில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வீட்டிலிருந்து இணைந்து வேலை செய்யும்போது மட்டும் எழுத்து ஓடும். கையை எடுத்த செய்தி நெட்வொர்க்கில் தாமதமாகப் போய்ச் சேர்வதால், மறுமுனை ‘இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார்’ என்று நினைத்துக்கொள்கிறது. அப்படியானால் கீபோர்டில் கை வைக்கவே வேண்டாம். ஒரு கீயை அடித்தால் அதே எழுத்து இரட்டிக்காமல் பக்கத்திலுள்ள வேறு எழுத்தும் சேர்ந்து வந்தால், அது தாள்களுக்கு இடையில் ஈரம் புகுந்து இரண்டு கோடுகள் இணைந்துவிட்டதன் அடையாளம். அதற்குக் கீபோர்டை மாற்றுவதுதான் வழி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது ஆபத்து. பல லேப்டாப்களில் கீபோர்டுக்கும் உள்ளங்கை வைக்கும் இடத்துக்கும் அடியில்தான் பேட்டரி இருக்கிறது. அது உப்பினால் கீபோர்டைக் கீழிருந்து நெட்டித் தள்ளும். டச்பேட் கிளிக் ஆகாமல் இறுகியிருந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ, மூடினால் ஓரம் சேரவில்லை என்றாலோ, சார்ஜரை உடனே கழற்றி அணைத்துவிட்டு பேட்டரியை மாற்றக் கொடுங்கள். அமுக்கிப் பார்ப்பதோ குத்துவதோ கூடவே கூடாது.

இப்போது சிக்கலுக்கு வருவோம், அது எளிது. லேப்டாப்பை முழுவதும் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கீபோர்டு கிட்டத்தட்டச் செங்குத்தாக நிற்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். கேமரா லென்ஸ் துடைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் பந்து ஊதி நல்லது. டப்பாவில் வரும் அழுத்தக் காற்றும் சரி. இடமிருந்து வலமாக வரிசை வரிசையாக ஊதி, லேப்டாப்பைத் திருப்பிப் பிடித்து மறுபடி ஊதுங்கள். துணுக்கு கீழே விழ வேண்டும் என்பதற்காகத்தான் சாய்ப்பது. மேசையில் படுக்க வைத்து ஊதினால் இன்னும் உள்ளே போகும்.

பிசுக்கு என்றால் காற்று போதாது, தொப்பியைக் கழற்ற வேண்டும். இங்கே அவசரம் ஆகாது. தொப்பிக்கு அடியில் இருக்கும் கத்தரிச் சட்டத்தின் கொக்கி ஒரு அரிசியைவிடச் சிறியது. உடைந்தால் அந்தக் கீ ஆடிக்கொண்டே இருக்கும். இரும்பு ஸ்குரூடிரைவர் வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டின் மூலை போதும். எந்தப் பக்கம் நெம்ப வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அதனால் அதிகம் பயன்படாத ஒரு கீயில் முதலில் முயன்று பார்ப்பது என் வழக்கம். ஸ்பேஸ், ஷிஃப்ட், என்டர் போன்ற நீளக் கீகளுக்கு அடியில் கம்பி ஒன்று ஓடும், அவற்றைத் தொடாமல் விடுங்கள். தொப்பி வந்ததும், 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காதுக்குச்சியைத் தொட்டு, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, குமிழைச் சுற்றியும் சட்டத்தின் மூட்டுகளிலும் துடையுங்கள். குமிழைப் பிய்க்கக் கூடாது. நன்றாகக் காய்ந்த பின் தொப்பியை வைத்து நேராக அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை இங்கே அடிக்காதீர்கள்; அது அடுத்த மாதத் தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் இதைத்தான் முதலில் செய்தேன். `o` கீ பளபளவென்று ஆனது. சோதித்தேன், அதே 28, அதே 31. ஏன் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. நான் துடைத்தது குமிழைச் சுற்றியுள்ள இடத்தை. துள்ளுவதோ மூன்று தாள்களுக்கு உள்ளே, ஒட்டி மூடிய துளைக்குள். மேலிருந்து எவ்வளவு துடைத்தாலும் அங்கே எட்டாது. சுத்தம் செய்தால் சிக்கல் தீரும், துள்ளல் தீராது. ‘கிளீன் பண்ணிட்டேன் சார்’ என்று கடையில் கொடுத்த லேப்டாப்பில் ஒரே வாரத்தில் மறுபடி எழுத்து இரட்டிப்பதற்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான்.

ஒரு வகை லேப்டாப்பில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். 2015 முதல் ஆப்பிள் மேக்புக்குகளில் வந்த ‘பட்டர்ஃபிளை’ கீபோர்டில் கீ அமுங்கும் ஆழம் மிகக் குறைவு. உள்ளே தூசி புகுந்தாலே எழுத்து இரட்டித்தது, சில எழுத்து விழாமலும் போனது. 2018 ஜூனில் ஆப்பிள் இலவச சர்வீஸ் திட்டம் அறிவித்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் மறுபடி கத்தரி அமைப்புக்கே திரும்பியது. அந்தப் பழைய மாடல் உங்களிடம் இருந்தால் காற்று ஊதுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தொப்பியைக் கழற்ற வேண்டாம்.

துள்ளலுக்கு நிலையான வழி கீபோர்டை மாற்றுவது. ஆனால் அதுவரை ஓட்ட ஒரு நல்ல வழி இருக்கிறது. சிப்பின் பொறுமை போதவில்லை என்றால், கம்ப்யூட்டரைப் பொறுமையாக இருக்கச் சொல்லலாம். ‘ஒரு கீயை விட்ட பிறகு இத்தனை மில்லிநொடிக்குள் அதே கீ மறுபடி வந்தால் கணக்கில் எடுக்காதே’ என்பதுதான் கட்டளை. கைநடுக்கம் உள்ளவர்களுக்காக விண்டோஸில் `Filter Keys` என்ற பெயரில் இது இருக்கிறது. ஆனால் அதன் திரையில் தரப்படும் குறைந்த அளவே அரை நொடி. அதை வைத்தால் ‘அம்மா’ என்று அடிக்க முடியாது, இரண்டாவது ம விழாது. நமக்கு வேண்டியது 50. அதை `Command Prompt` திறந்து இப்படிக் கொடுக்கலாம்:

```
set K="HKCU\Control Panel\Accessibility\Keyboard Response"
reg export %K% "%USERPROFILE%\kb-old.reg"
reg add %K% /v BounceTime /d 50 /f
reg add %K% /v DelayBeforeAcceptance /d 0 /f
reg add %K% /v AutoRepeatDelay /d 0 /f
reg add %K% /v AutoRepeatRate /d 0 /f
reg add %K% /v Flags /d 3 /f
```

இரண்டாவது வரி பழைய அமைப்பைக் கோப்பாக எடுத்து வைக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். `BounceTime` தான் நமது 50. அது வேலை செய்ய வேண்டுமானால் அடுத்த மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். கடைசி வரி வசதியை இயக்குகிறது. முடித்ததும் `Sign out` செய்து மறுபடி உள்ளே வாருங்கள். பிறகு பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். நீங்கள் பழகியதுபோல அழிக்கவில்லை என்றால், வீட்டு ஃபோல்டரில் இருக்கும் `kb-old.reg` கோப்பை இருமுறை கிளிக் செய்து, மறுபடி `Sign out` செய்து உள்ளே வந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். உபுண்டு போல க்னோம் திரை உள்ள லினக்ஸில் வேலை இன்னும் சுருக்கம்:

```
gsettings set org.gnome.desktop.a11y.keyboard bouncekeys-delay 50
gsettings set org.gnome.desktop.a11y.keyboard bouncekeys-enable true
```

50 என்ற எண் எனக்குப் பொருந்தியது, ஏனென்றால் என் கீயின் துள்ளல் 40ஐத் தாண்டவில்லை. என் விரலோ 130க்குக் கீழே வருவதில்லை. உங்கள் சோதனையில் துள்ளல் 60, 70 என்று வந்தால் அளவை 80க்கு ஏற்றலாம். துள்ளல் 100ஐத் தாண்டினால் இந்த வழி உதவாது. உண்மையான இரட்டை எழுத்துக்கும் பொய்யான இரட்டை எழுத்துக்கும் நடுவே இடம் இல்லாமல் போய், ‘பட்டம்’ என்று நீங்கள் உண்மையிலேயே அடிக்கும்போது அது ‘படம்’ ஆகிவிடும்.

இந்த ஏற்பாட்டில் நான் நான்கு மாதம் ஓட்டினேன். பிறகு `k` கீயும் துள்ளத் தொடங்கியதும் கீபோர்டையே மாற்றினேன். வாங்கும்போது லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் கீகளுக்கு அடியில் விளக்கு உள்ளதும் இல்லாததும் இருக்கும். பவர் பட்டன் கீபோர்டிலேயே சேர்ந்ததும் சேராததும் இருக்கும். விளக்கு உள்ளதற்குத் தனியாக இன்னொரு ரிப்பன் கேபிள் வரும். பழைய கீபோர்டின் முதுகில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதுதான் சரி. சென்னை ரிச்சி தெருவில் நான் கேட்ட கடையில், அந்த எண்ணைப் பார்க்காமல் எடுத்துக் கொடுக்கவே மாட்டேன் என்றார் கடைக்காரர்.

மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது லேப்டாப்பைத் திறந்தால்தான் தெரியும். தடிமனான பழைய மாடல்கள் பலவற்றில் சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கீபோர்டு தனியாக மேலே வந்துவிடும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் அது உள்ளங்கை வைக்கும் மேல்பலகையோடு, உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் முளைகளால் பிணைந்திருக்கும். அப்போது பலகையோடு சேர்த்து வாங்குவதே நல்லது. முளைகளை வெட்டி, பசை வைத்துத் திரும்ப ஒட்டித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அப்படி ஒட்டியது நடுவில் தொய்ந்து, புதுக் கீபோர்டிலும் அழுத்தம் சரியாக விழாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

புதுக் கீபோர்டு வந்ததும் முதல் வேலையாக 50 மில்லிநொடி அமைப்பை எடுத்துவிடுங்கள். விண்டோஸில் `kb-old.reg`, லினக்ஸில் `bouncekeys-enable` என்பதை `false` ஆக்கினால் போதும். அதை விட்டுவைத்தால், கடைக்காரர் கொடுத்தது கோளாறான கீபோர்டாக இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மாற்றித் தரும் கெடுவும் தாண்டிப் போகும். எடுத்த பிறகு பிரவுசர் சோதனையை மறுபடி திறந்து, ஒவ்வொரு கீயையும் ஓர் இருபது தடவை தட்டினேன். கடைசி எண் 100க்குக் கீழே இறங்கியது ஒரே ஒரு கீயில், டில்டா இருக்கும் மூலைக் கீயில். அன்று மாலையே கொண்டுபோய் வேறு வாங்கிவந்தேன்.